நாலரை மணி நேரத் தண்ணீர்

பகல் பன்னிரண்டரை மணிக்குத் தண்ணீரின் நிறம் மாறியது.

சுபத்ரா கண்ணாடிக் குழாயை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். காலை எட்டு மணியிலிருந்து அரை மணிக்கு ஒரு முறை இதையேதான் செய்துகொண்டிருந்தாள். கடினத்தை நீக்கும் மென்னீர்க் கலத்திலிருந்து வரும் தண்ணீரைக் குழாயில் பிடித்து, மருந்து இரண்டு துளி விட வேண்டும். நீலமாக நின்றால் நல்ல தண்ணீர். சிவந்தால் கடினத் தண்ணீர், பட்டுக்கு ஆகாதது. எட்டு முறை நீலம் வந்தது. ஒவ்வொரு முறையும் யாரோ அந்தச் சிறு குழாய்க்குள் ஒரு துண்டு வானத்தை இறக்கிவிட்டதைப் போல அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. பன்னிரண்டு மணிக்கு நீலத்தின் ஓரத்தில் ஒரு கலக்கம் தெரிந்தது. இப்போது குழாய் முழுக்க பீட்ரூட் வேகவைத்த தண்ணீர்.

"துளி ஜாஸ்தியா உட்டுட்டீங்களா மேடம்?" என்றார் பாலமுருகன். இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ள நியமிக்கப்பட்டவர். நாற்பது வயதுக்கு மேல். போன வருஷம் வரை சொந்தமாகச் சாயம் போட்டுக்கொண்டிருந்தவர்.

"இன்னொரு வாட்டி பிடிங்கண்ணா."

பிடித்தார். மறுபடியும் சிவப்பு. மூன்றாவது குழாயும் சிவப்பு.

பாலமுருகன் தலையைச் சொறிந்துகொண்டார். "எங்க மாமியார் மாதிரி இருக்குது. காலைல நல்லா பேசிகினு இருப்பாங்க. சோத்து நேரத்துக்குக் கண்ணு செவந்துடும்."

சுபத்ராவுக்குச் சிரிப்பு வரவில்லை. நேரத்தை நோட்டில் எழுதினாள். எட்டு மணியிலிருந்து பன்னிரண்டரை மணி. நாலரை மணி நேரம். ஒப்பந்தத்தில் இருந்தது முழுச் சுமையில் எட்டு மணி நேரம், தொடர்ந்து மூன்று நாள்.

ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் முப்பத்தாறு குடும்பங்கள் சேர்ந்து, அரசுத் திட்டத்தின் உதவியோடு கட்டிய பொதுச் சாயக்கூடம் அது. கொதிகலன், எவர்சில்வர் தொட்டிகள், கழிவுநீர் சுத்திகரிப்பு, எல்லாவற்றுக்கும் முன்னால் இந்த மென்னீர்க் கலம். வேலையை நடத்திக் கொடுக்கும் பொறுப்பு சென்னையில் உள்ள ஒரு ஆலோசனை நிறுவனத்துடையது. அந்த நிறுவனம் இங்கே வைத்திருந்த திட்ட மேலாளர் சுபத்ரா. வெள்ளிக்கிழமை கூட்டத்தில், 'சோதனை வெற்றி, கூடம் இயங்கத் தயார்' என்று அவள் சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு அடுத்த வெள்ளி திறப்பு விழா. திறப்பு நாளுக்குள் உறுப்பினர் எல்லோரும் தங்கள் வீட்டுச் சாய அடுப்புகளை இடித்துவிட வேண்டும் என்பது திட்டத்தின் நிபந்தனை. சாக்கடைக்குச் சாயத் தண்ணீர் போகக்கூடாது என்பதற்காக.

அடுப்பு போனால் போனதுதான். அப்புறம் இந்தத் தண்ணீரைத்தான் நம்ப வேண்டும்.

அவள் தென்னரசுவை அழைத்தாள். நிறுவனத்தில் அவளுக்கு மேலே இருப்பவர்.

"நாலரை மணி நேரம்தான் சார் நிக்குது."

"அப்ப நாலரை மணிக்கு ஒரு தடவை உப்புத் தண்ணி விட்டுக் கலத்தைக் கழுவிக்கட்டும்."

"கழுவறதுக்கு ரெண்டு மணி நேரம் ஆகுது சார். அந்த நேரத்துல கொதிச்சிட்டிருக்கற தொட்டிக்கு எந்தத் தண்ணிய விடறது? போர் தண்ணில கடினம் தொள்ளாயிரம் இருக்கு. கலத்தை வடிவமைச்சது ஐந்நூறுக்கு."

"ஐந்நூறுன்னு அறிக்கையில இருக்கு இல்ல?"

"இருக்கு சார். அந்தத் தண்ணி மாதிரியைக் கார்த்திகை மாசம் எடுத்திருக்காங்க. மழை பெஞ்சு ஏரி நெறஞ்சிருந்தப்ப. இது வைகாசி."

பின்னணியில் யாரோ அச்சு இயந்திரத்தை ஓடவிட்டிருந்தார்கள்.

"அந்த மாதிரியை எடுத்தது யாரு, சுபத்ரா?"

"நம்ம கம்பெனிதான் சார்."

"அதைத்தான் சொல்றேன். நம்ம கம்பெனிதான். இன்னொரு கலம் வாங்கணும்னா அது நம்ம தலைல விழும். இதை 'மீதி வேலைகள்' பட்டியல்ல போட்டுடு. சான்றிதழைக் கொடுத்துடு. திறந்ததுக்கப்புறம் மெதுவா சரி பண்ணிக்கலாம். மழை வந்தா தண்ணி தானா நல்லாயிடும்."

"மழைக்கு அஞ்சு மாசம் இருக்கு சார்."

"ஓசூர் வேலைக்கு உன் பேரைத்தான் எழுதிக் கொடுத்திருக்கேன். உன்னைவிட சீனியர் மூணு பேர் கேட்டாங்க. வெள்ளிக்கிழமை ஒழுங்கா முடிச்சிட்டு வந்து சேரு."

வைத்துவிட்டார்.

அவளால் தென்னரசுவை மட்டும் குறை சொல்ல முடியவில்லை. கடினம் தொள்ளாயிரம் என்று ஆய்வகத் தாள் சித்திரையிலேயே வந்துவிட்டது. அப்போதும் மெயிலில் கேட்டாள். அப்போதும் 'பார்த்துக்கலாம்' என்று பதில் போட்டார். மூன்று மணி நேரம் மட்டும் ஓட்டிய ஒரு சோதனையைக் காட்டி, வாராந்தர அறிக்கையில் மென்னீர்க் கலத்துக்கு எதிரே பச்சை நிறம் போடச் சொன்னார். போட்டாள். அடுத்த வாரமும் போட்டாள். அறிக்கையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று கட்டங்கள். பச்சை என்றால் கவலையில்லை என்று அர்த்தம். அந்தக் கட்டத்தைச் சொடுக்கும்போது விரல் நுனி கொஞ்சம் கூசியது. அவ்வளவுதான்.

*

மத்தியானம் ராஜம்மாள் வீட்டுக்குப் போனாள். கூடத்தை நடத்தும் ஆட்சிக்குழுவில் இருக்கும் ஒரே பெண் ராஜம்மாள். கணவர் இறந்தபின் பத்து வருஷமாகச் சாயத்தொழிலை அவளே நடத்துகிறாள். உறுப்பினர் பட்டியலில் ஒரு கையெழுத்து பாக்கி இருந்தது. அதை வாங்கப் போவதாகத்தான் சுபத்ரா தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

ராஜம்மாள் கொல்லைப்புறத்தில் இருந்தாள். முழங்கை வரை அரக்குச் சிவப்பு. தாமிர அண்டாவுக்கு மேல் குறுக்கே போட்ட கம்புகளில் நூல் கற்றைகளாகக் கழிகள் தொங்கின. அவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பி முக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னா மேடம், மொகம் சாயம் போயிருக்குது?"

"வெயில்ம்மா."

"வெயில்ல போற சாயம் என்னுது இல்ல, சொல்லிட்டேன்." சிரித்தாள். "உக்காருங்க. மோர் குடிக்கிறீங்களா? இந்த அடுப்புல போடறது இன்னும் ஒரு வாரம்தான். அடுத்த புதன்கிழமை கொத்தனார் வரான். எனக்கு ஒரே குஷி. பத்து வருஷமா இந்தப் பொகையில இருமிகினு கெடக்கறேன். அவரு வச்ச அடுப்பாச்சே, இடிக்கலாமான்னு எங்க நாத்தனா அழுவுறா. நீ வந்து ஊதுடீன்னேன். வாய மூடிகினா."

சுபத்ரா மோரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். "தண்ணி சரியில்லாம போனா என்னம்மா ஆகும்? சாயம் போட்டுட்டிருக்கும்போதே?"

ராஜம்மாள் கழியைத் திருப்புவதை நிறுத்தவில்லை. "ஆவுறதுக்கு இன்னா இருக்குது? சோப்புத் தண்ணில நூல அவிக்கிறோம் இல்ல, தண்ணி கெட்டியா இருந்தா சோப்பு திரிஞ்சு நூல் மேல படிஞ்சிடும். கண்ணுக்குத் தெரியாது. மேல சாயம் திட்டுத்திட்டா நிக்கும். கழுவுனா ஓடும். நாலு வருஷம் முன்னாடி லாரித் தண்ணி வாங்கி ஏமாந்தேன். கல்யாணச் சேலை. மொத வாட்டி நனைச்சதும் சிவப்பு ஓடி சந்தன உடம்புல ஏறிடுச்சு. பொண்ணு வீட்டுக்காரங்க தறிக்காரர் வீட்டு வாசல்ல சேலைய வீசிட்டுப் போனாங்க. தறிக்காரர் என் வாசலுக்கு வந்தாரு. ஒரு வருஷம் எனக்கு எவனும் நூல் குடுக்கல." நிமிர்ந்து பார்த்தாள். "ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான்."

அந்தச் 'சும்மா' சுபத்ராவின் வாயில் மோரைவிடப் புளித்தது. குழுவின் கூட்டத்தில் எல்லோருக்கும் ஒன்றாகச் சொல்ல வேண்டிய செய்தி இது, ஒரு கொல்லைப்புறத்தில் ஒருவரிடம் மட்டும் சொல்ல முடியாது என்பது உண்மைதான். ஆனால் அந்த உண்மை அப்போது ரொம்ப வசதியாகவும் இருந்தது. கையெழுத்தை வாங்கிக்கொண்டு எழுந்தாள்.

*

தன் ஊரான சந்தவாசலில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. வாசலில் அடுத்த தெரு பாஞ்சாலை உட்கார்ந்திருந்தாள். தையல்காரி. மடியில் தங்கக் கரை வைத்த மயில்கழுத்து நிறப் பட்டு ரவிக்கை.

"வந்துட்டியா? இந்தா, போட்டுப் பாரு. தோள் புடிக்குதான்னு சொல்லு."

"இது யாருதுக்கா?"

பாஞ்சாலை நாக்கைக் கடித்துக்கொண்டாள். உள்ளே திரும்பி, "செல்லியம்மா, உன் பொண்ணு சீக்கிரமே வந்துட்டா" என்று கத்திவிட்டு, ரவிக்கையைத் திண்ணையில் வைத்துவிட்டு நழுவினாள்.

செல்லியம்மாள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "கல்யாணத்தன்னிக்குக் காட்டலாம்னு இருந்தேன்" என்றாள். சுபத்ராவின் தம்பி அன்பழகனுக்கு ஆனியில் கல்யாணம்.

"யாரு குடுத்தது?"

"கிரண் தம்பி. உன்கூட வேலை செய்யற புள்ள. போன வியாழக்கிழமை நீ மெட்ராசுக்குப் போயிருந்தே இல்ல, அப்ப வந்தாரு. தாம்பாளத்துல பட்டுச் சேலை, பூ, பழம், வெத்தலபாக்கு, எல்லாம் முறையா வச்சு எடுத்தாந்தாரு. அக்காகிட்ட இப்ப சொல்லாதீங்க, திட்டும்னாரு."

கிரண், மென்னீர்க் கலத்தை விற்ற கோயம்புத்தூர் கம்பெனியின் ஆரணி முகவர். அவன் அப்பாவுக்குப் பெரிய பட்டுக் கடை. சான்றிதழில் சுபத்ரா கையெழுத்துப் போட்டால்தான் அவன் கம்பெனிக்குக் கடைசித் தவணை வரும்.

"அவர் என்கூட வேலை செய்யறவர் இல்லம்மா. அவர் வேலை சரியா இருக்குதான்னு பாக்கறதுதான் என் வேலை. எப்படிம்மா வாங்குன?"

செல்லியம்மாள் தெருவைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "உள்ள வந்து உக்காந்துகினு டீ குடிச்சாருடி. அந்த வூட்டுப் புள்ள. நம்ம டம்ளர்ல. உங்க அப்பா அவங்க கடைக்கு மூட்ட தூக்கிகினு இருந்தப்ப, குடிக்கத் தண்ணி கேட்டா கைய ஏந்தச் சொல்லி மேலருந்து ஊத்துவாங்களாம். அந்த வூட்டுலருந்து தட்டு வந்து நிக்குது. கல்யாண வூடு. வாணாம்னு எப்படிச் சொல்றது?"

அந்த டீயும் டம்ளரும் அம்மாவுக்கு எவ்வளவு பெரியவை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் கிரண் குடித்தானா, அல்லது தாகத்துக்குக் குடித்தானா என்பது ஒருநாளும் தெரியப்போவதில்லை.

"சேலையைக் குடு. நாளைக்குத் திருப்பிக் குடுத்துடறேன்."

"ரவிக்கத் துணி வெட்டியாச்சே. முந்தானைக்குக் குஞ்சமும் கட்டியாச்சு. இனிமே எந்தக் கடைக்காரன் வாங்குவான்?"

அம்மா உள்ளே போய்ச் சேலையைக் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்த கை அதை விட மனமில்லாமல் ஒரு நொடி தாமதித்தது. "அந்தப் புள்ள மொகத்துல எப்படி முழிப்பேன்?" என்றாள். சேலையைக் கொடுத்தவன் முகத்தைப் பற்றித்தான் அம்மாவுக்குக் கவலை. சுபத்ராவுக்கு அது கோபத்தைக் கொடுத்தது; பிறகு கோபம் எங்கே போவதென்று தெரியாமல் நின்றது.

*

புதன்கிழமை காலை கிரண் சாயக்கூடத்துக்கு வந்தான். அவளைவிட இரண்டு வயது சின்னவன். மற்றவர்கள் முன்னால் மேடம், தனியாக இருந்தால் அக்கா.

"நேத்து தனியா சோதனை ஓட்டுனீங்களாமே."

"தனியா இல்ல. பாலமுருகண்ணன் இருந்தார். முந்தின நாளே உங்களுக்கு மெயில் அனுப்பினேன், நீங்க வரல. நாலரை மணி நேரத்துல போயிடுச்சு கிரண்."

"தண்ணிக்கு நான் இன்னா பண்றது? ஐந்நூறுன்னு எழுதிக் குடுத்தீங்க. ஐந்நூறுக்குக் கலம் குடுத்தோம்."

"அது சரிதான். அதையும் எழுதறேன். உங்க கலத்துல தப்பு இல்ல. ஆனா எட்டு மணி நேரம் ஓடுச்சுன்னு நான் எழுத முடியாது."

அவன் முகம் தெளிந்தது போல இருந்தது. பின் மறுபடி இறுகியது. தப்பு யாருடையது என்பதல்ல, சான்றிதழ் வருமா என்பதுதான் அவனுக்குக் கேள்வி.

"கோயம்புத்தூர்ல பேஜார் பண்றாங்கக்கா. மாசக் கடைசிக்குள்ள முடியலன்னா என் முகவர் வேலையே போயிடும். இன்னா பெரிய விஷயம்? ஒரு கையெழுத்து. ரெண்டு மாசத்துல இன்னொரு கலம் வச்சிட்டா யாருக்குத் தெரியும்?"

"அந்த ரெண்டு மாசத்துலதான் தீபாவளி ஆர்டருக்கு நூல் போடுவாங்க."

கிரண் சுற்றிலும் பார்த்தான். குரல் இனிமையானது. "சேலையைப் பத்தி நான் யாருகிட்டயும் வாயத் திறக்க மாட்டேங்க்கா. அம்மா ஆசையா வாங்கிக்கினாங்க. அது நம்ம குடும்ப விஷயம்."

இப்படி அன்பாக ஒரு கதவு சாத்தப்படுவதை அவள் அதுவரை பார்த்ததில்லை. தாழ்ப்பாள் விழும் சத்தம்கூடக் கேட்கவில்லை.

"நீங்க சொல்ல வேணாம்" என்றாள். "நானே சொல்லிடறேன்."

"யாருகிட்ட?"

"எல்லாருகிட்டயும்."

அவன் சிரிக்க முயன்றான். "ரவிக்கை வெட்டியாச்சுன்னு கேள்விப்பட்டேன். பாஞ்சாலைக்கா எங்க கடைக்குத்தான் லைனிங் துணி வாங்க வந்தாங்க. வாங்கிக்கினு தைச்சும் போட்டுட்டு அப்புறமா வேணாம்னா, யாரு நம்புவாங்க?"

"நம்பலன்னா நம்பாம இருக்கட்டும்."

அவன் போனபின் கணினியைத் திறந்தாள். நிறுவனத்தின் விதி அவளுக்கு மனப்பாடம்: விற்பனையாளரிடமிருந்து எதையும் வாங்கக்கூடாது, குடும்பத்தார் மூலம் வந்தாலும் வந்ததுதான், வந்தது தெரிந்த மூன்று நாளுக்குள் எழுத்தில் தெரிவித்துப் பொருளை ஒப்படைக்க வேண்டும். நெறிமுறைக் குழுவின் அமலா மேடத்துக்குக் கடிதம் எழுதினாள். சேலை எப்போது, யார் கொடுத்தது, யார் வாங்கியது, இப்போது என்ன நிலையில் இருக்கிறது. 'ரவிக்கைத் துணி வெட்டப்பட்டுத் தைக்கப்பட்டுள்ளது' என்று எழுதும்போது வெட்கத்தில் காது சூடானது. அழிக்கவில்லை. தென்னரசுவுக்கும் ஒரு நகல் போட்டாள்.

பிறகு வாராந்தர அறிக்கையை எடுத்தாள். மென்னீர்க் கலம்: சிவப்பு. கீழே சோதனையின் எண்களை மணிவாரியாக எழுதினாள். அதற்கும் கீழே, 'முந்தைய இரண்டு வார அறிக்கைகளில் இந்த வரிக்குப் பச்சை குறித்தது தவறு; முழுச் சோதனை அப்போது நடக்கவில்லை' என்று சேர்த்தாள். அறிக்கை வழக்கமாகப் போகும் எல்லா முகவரிக்கும் அனுப்பினாள். ஆட்சிக்குழுவின் தலைவர் சுப்பராயலுவுக்கும், கைத்தறித் துறையின் உதவி இயக்குநருக்கும்.

ஏழு நிமிடத்தில் தென்னரசு அழைத்தார்.

"உனக்கு மூளை இருக்கா? என்கிட்ட காட்டாம எப்படி அனுப்புன?"

"நேத்தே சொன்னேன் சார். மீதி வேலைகள்ல போடச் சொன்னீங்க."

"சேலையை வாங்கிட்டு நீதி பேசற. உன்னைத்தான் முதல்ல தூக்குவாங்க, தெரியுமா?"

"தெரியும் சார்."

"வெள்ளிக்கிழமை நான் வரேன். நீ ஒரு வார்த்தை பேசக்கூடாது."

*

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சாயக்கூடத்தின் மேல்மாடியில் கூட்டம். நீள மேசையின் தலைமாட்டில் உதவி இயக்குநர். அவர் பக்கத்தில் சுப்பராயலு, வெள்ளை வேட்டி சட்டையில், முன்னால் திறப்பு விழா அழைப்பிதழ் கட்டு. ராஜம்மாளும் குழுவினர் ஐந்து பேரும் ஒரு பக்கம். எதிர்ப்பக்கம் தென்னரசு, சுபத்ரா, கடைசி நாற்காலியில் கிரண்.

தென்னரசு பேசினார். நன்றாகப் பேசினார். "அனுபவம் குறைந்த அலுவலர் கொஞ்சம் பதற்றப்பட்டு அனுப்பிய அறிக்கை அது. சின்னச் சின்ன சரிசெய்தல்கள் எந்தக் கூடத்திலும் இருக்கும். மீதி வேலைகள் பட்டியலில் சேர்த்திருக்கிறோம். திறப்புக்குத் தடை எதுவும் இல்லை."

உதவி இயக்குநர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "திட்ட மேலாளர் கையெழுத்துதானே வேணும்? அவங்க சொல்லட்டும்."

சுபத்ரா எழுந்தாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"முதல்ல ஒரு விஷயம் சொல்லிடறேன் சார். கலம் கொடுத்த கம்பெனியோட முகவர், நான் இல்லாதப்ப எங்க வீட்டுக்கு வந்து ஒரு பட்டுச் சேலை கொடுத்திருக்கார். எங்கம்மா வாங்கியிருக்காங்க. ரவிக்கையும் தைச்சாச்சு. எனக்கு செவ்வாய்க்கிழமைதான் தெரியும். எங்க ஆபீசுக்கு எழுதிட்டேன், சேலையையும் ஒப்படைச்சிட்டேன். நான் சொல்றதை இதையும் சேர்த்து வச்சே எடைபோடுங்க. இது கூட்டக் குறிப்புல வரணும்."

குழுவில் ஒருவர் மெல்ல, "பட்டுச் சேலைய ரோட்டுக்கடை போண்டா மாதிரி சொல்லிடுச்சே" என்றார். கிரண் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்ப தண்ணி" என்றாள் சுபத்ரா. எண்களைச் சொன்னாள். எட்டு மணிக்கு எவ்வளவு, பன்னிரண்டுக்கு எவ்வளவு, பன்னிரண்டரைக்கு எவ்வளவு. "தண்ணி மாதிரியைக் கார்த்திகை மாசம் எடுத்தது எங்க நிறுவனம். அதனால கலம் சின்னதாப் போச்சு. கம்பெனி கொடுத்த கலத்துல குறையில்ல. மூணு வழி இருக்கு. இன்னொரு கலம் சேர்க்கலாம், நாப்பத்தஞ்சு நாள் ஆகும். இல்லன்னா பாதிச் சுமைக்கு மட்டும் திறக்கலாம். ஆனா அப்ப பதினெட்டுப் பேருக்குத்தான் தொட்டி கிடைக்கும். எதுவா இருந்தாலும், மூணு நாள் முழுச் சோதனை ஆகறவரைக்கும் யாரும் அடுப்பை இடிக்கக்கூடாது. மூணாவது, நான் இப்ப கையெழுத்துப் போடறது. அதை நான் செய்ய மாட்டேன்."

சுப்பராயலு மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். அழைப்பிதழ் கட்டு குதித்தது.

"நாப்பத்தஞ்சு நாளா? ஏம்மா, ஐந்நூறு கார்டு கொடுத்துட்டேன். அமைச்சர் ஆபீஸ்ல தேதி வாங்க நான் நாய் மாதிரி அலைஞ்சிருக்கேன். ஊர்ல எவன் மொகத்துல முழிக்கிறது? ரெண்டு வாரமா பச்சை, பச்சைன்னு அனுப்புனது யாரு? உங்க கம்பெனியா, பேயா?"

"நான்தான்ங்கய்யா."

"தெரிஞ்சேவா?"

தென்னரசு குறுக்கிட்டார். "அதைப் பத்தி இப்ப..."

"முழுச் சோதனை நடக்கலைன்னு தெரியும்ங்கய்யா. தெரிஞ்சுதான் அனுப்பினேன்."

"நல்லா இருக்குதும்மா. ரொம்ப நல்லா இருக்குது." சுப்பராயலு நாற்காலியில் சாய்ந்தார். அவர் முகத்தில் இருந்தது கோபம் மட்டும் இல்லை. நம்பி ஒரு பொருளைக் கையில் வாங்கியவன் அதன் அடியில் விரிசலைப் பார்க்கும் முகம்.

அப்போதுதான் ராஜம்மாள் வாயைத் திறந்தாள். அதுவரை சுபத்ராவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செவ்வாக்கிழமை என் வூட்டாண்ட வந்து மோர் குடிச்சுகினு கேட்டீங்களே, அப்பவே தெரியுமா?"

"தெரியும்மா."

"சரி." தென்னரசு பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க சார். அடுத்த வெள்ளிக்கிழமை தெறந்துட்டோம். அடுப்ப இடிச்சிட்டேன். காலைல எட்டு மணிக்குப் போட்ட கழி பன்னெண்டரைக்குத் தொட்டில பாதியில கெடக்குது. தண்ணி மாறிடுச்சு. அந்தக் கழி யாருது? என்னுதா, உங்களுதா?"

"அப்படி ஒரு நிலைமை வராதுங்க."

"வந்தா?"

"உடனே ஆள் அனுப்பிச் சரி பண்ணுவோம்."

"ஆளக் கேக்கல. கழியக் கேக்குறேன். என்னுதா, உங்களுதா? ஒரு வார்த்த சொல்லுங்க, ஜல்தி."

தென்னரசு தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். உதவி இயக்குநர் காத்திருந்தார். மேசையைச் சுற்றியிருந்த சாயக்காரர்கள் ஐந்து பேரும் காத்திருந்தார்கள்.

சுப்பராயலு அழைப்பிதழ் கட்டைக் கையிலெடுத்து, தன் பையில் திணித்தார். குறிப்பு எழுதிக்கொண்டிருந்த எழுத்தரிடம், "எழுதுப்பா" என்றார். "இன்னொரு கலம் வச்சு, எட்டு மணி நேரம், மூணு நாளு, நாங்க முப்பத்தாறு பேரும் நின்னு பாத்து, அப்புறம்தான் தெறப்பு. அது வரைக்கும் ஒருத்தனும் அடுப்புல கை வைக்கக்கூடாது. கலத்துக்கு யார் பொறுப்புன்னு கம்பெனிக்குக் கடுதாசி போடறோம்." பிறகு சுபத்ராவைப் பார்க்காமலேயே சொன்னார். "இந்தப் பொண்ணு சொன்ன சேலை விஷயத்தையும் எழுது. பச்சை விஷயத்தையும் எழுது."

*

திங்கட்கிழமை அவளை வேலையிலிருந்து ஒதுக்கிவைத்துக் கடிதம் வந்தது. ஓசூருக்கு வேறொருவர் பெயர் போயிருந்தது. செவ்வாய்க்கிழமை காலை விசாரணை. அமலா மேடம் சென்னையிலிருந்து காணொளியில் பேசினார். ஐம்பது வயது இருக்கும். கேள்விகளுக்கு நடுவே தட்டச்சு செய்தார்.

"ஒண்ணு கேக்கறேன் சுபத்ரா. ரவிக்கை வெட்டாம இருந்திருந்தா, சேலையைச் சத்தமில்லாம திருப்பிக் கொடுத்துட்டு விட்டிருப்பீங்களா?"

சுபத்ரா யோசித்தாள். மேசைக்கு மேல் மின்விசிறி சுழன்றது. இந்தக் கேள்விக்கு அழகான பதில் ஒன்று இருந்தது. அது நாக்கின் நுனி வரை வந்தது.

"தெரியல மேடம். இல்லைன்னு சொல்லத்தான் ஆசை. ஆனா ரெண்டு வாரம் பச்சை போட்டவ நான்."

அமலா தலையாட்டினார். இன்னும் சிறிது நேரம் தட்டச்சு ஓசை. "உங்க வாக்குமூலத்தைப் படிக்கறேன். சரியான்னு சொல்லுங்க. பதினஞ்சு நாள்ல முடிவு வரும்." நிறுத்தி நிதானமாகப் படித்தார். சேலை, தேதி, சோதனை, எண்கள். எல்லாம் சரியாக இருந்தன. பிறகு, "'திட்ட மேலாளர், முழுச் சோதனை நடைபெறாததன் விளைவை அறியாமல், இரண்டு வாரங்கள் பச்சை எனக் குறித்துள்ளார்.' இது போதும் இல்லையா?"

குரல் கனிவாக இருந்தது. சுபத்ராவுக்குப் புரிந்தது. 'அறியாமல்' என்றால் எச்சரிக்கைக் கடிதத்தோடு போகும். தென்னரசுவிடம் சித்திரையிலேயே அவள் கேட்டதும், அவர் சொன்னதும் அந்த வார்த்தைக்கு அடியில் போய்விடும். கார்த்திகையில் எடுத்த தண்ணீர் மாதிரியின் தவறு யாருக்கும் தெரியாத ஒரு விபத்தாகிவிடும். இரண்டாவது கலத்துக்கு நிறுவனம் ஏன் பொறுப்பேற்க வேண்டும் என்று பிற்பாடு யாராவது கேட்கலாம்.

"'அறியாமல்' வேணாம் மேடம்" என்றாள். "அறிந்தே. சித்திரை மாசம் ஆய்வகத் தாள் வந்தது, நான் தென்னரசு சாருக்கு எழுதினேன், அவர் பதில் போட்டார். ரெண்டு மெயிலும் இருக்கு. தேதியோட அனுப்பறேன். அதையும் சேர்த்துக்குங்க."

"இது உங்களுக்குத்தான் கஷ்டம்."

"தெரியும் மேடம்."

பிறகு அமலா வரியின் தொடக்கத்துக்குப் போய், ஒரு சொல்லை அழித்து, மறுபடியும் முதலிலிருந்து தட்டச்சு செய்யத் தொடங்கினார். சுபத்ரா இரண்டு மெயில்களையும் தேடி எடுத்து, இணைத்து, அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.